வேண்டாம் என்று போன நோயாளியின் கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: கருங்கல் பக்கத்தில் முப்பது படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி மருத்துவராக இருக்கிறேன். சென்ற மாதம் நெஞ்சுவலியோடு வந்த 52 வயதுக்காரர் ஒருவர், ஈசிஜியில் மாற்றம் இருந்தும் அட்மிட் ஆக மாட்டேன் என்று வீட்டுக்குப் போய்விட்டார். ‘ரிஸ்க் எக்ஸ்ப்ளெயின்ட், பேஷன்ட் நாட் வில்லிங்’ என்று எழுதி, அச்சடித்த படிவத்தில் அவருடைய மகனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இது போதும் என்கிறது நிர்வாகம், போதாது என்கிறார் என் சீனியர். அவர் ஏன் மறுத்தார் என்பதையும் எழுத வேண்டுமா? அது அவருடைய சொந்த விஷயம் இல்லையா? அந்தப் பழைய கேஸ் ஷீட்டை இப்போது சரிசெய்யலாமா சார்?

பதில்:

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் சீனியர் சொல்வதுதான் சரி. நீங்கள் எழுதிய வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த வரியை அதே இரவில் அடுத்த படுக்கையில் கிடந்தவரின் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தாலும் அப்படியே பொருந்தியிருக்கும். பாம்பு கடித்து வந்து விஷமுறிவு மருந்து வேண்டாம் என்றவருக்கும் அது பொருந்தும், காலில் புண்ணோடு வந்து அறுவை சிகிச்சை வேண்டாம் என்ற சர்க்கரை நோயாளிக்கும் பொருந்தும். நோயாளியின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தால் இது யாரைப் பற்றியது என்று சொல்ல முடியாத வரி, உங்களுக்கும் அவருக்கும் இடையே ஓர் உரையாடல் நடந்தது என்பதை யாருக்கும் காட்டாது. கேஸ் ஷீட்டுகளைத் தணிக்கை செய்ய உட்காரும்போது நான் முதலில் செய்து பார்ப்பது இந்தச் சோதனையைத்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது என் தவற்றிலிருந்து. பணிக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனையில், முகம் லேசாகக் கோணி, இருபது நிமிடத்தில் சரியாகிவிட்ட ஒரு ரப்பர் பால்வெட்டும் தொழிலாளியை, பக்கவாதத்தின் முன்னறிகுறியாக இருக்கலாம் என்று அட்மிட் ஆகச் சொன்னேன். அவர் மறுத்தார். நீங்கள் எழுதிய அதே வரியை நானும் எழுதினேன். நான்காம் நாள் வலப்பக்கம் முழுவதும் விழுந்து, பேச்சும் போய் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சண்டை போடவோ வழக்குப் போடவோ அவர் மகள் வரவில்லை. ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து, ‘அப்பாவால இப்ப பேச முடியாது டாக்டரே, அன்னைக்கு அவரு ஏன் வேண்டாம்னு சொன்னாரு?’ என்று மட்டும் கேட்டார். கேஸ் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். அதில் பதில் இல்லை. எனக்கும் நினைவில்லை. நான் அவரிடம் அதைக் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவையெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கின்றன. காரணத்தை எழுத வேண்டுமா என்றால், எழுத வேண்டும். அதற்கு முன் அதைக் கேட்க வேண்டும். நோயாளி முதலில் சொல்லும் காரணம் பெரும்பாலும் வாசலில் நிறுத்திப் பேசுவதற்கான காரணமாக இருக்கும். இரண்டாவது முறை உட்கார்ந்து கேட்கும்போது வருவது வேறாக இருக்கும். அந்த இரண்டாவது காரணம் தெரியாமல் நீங்கள் விளக்கும் ஆபத்து, அவர் அஞ்சிக்கொண்டிருக்கும் ஆபத்தைத் தொடாமலே போய்விடும்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். தூத்தூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஆழ்கடல் மீனவர், வயது 54, ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், பீடிப் பழக்கம் உண்டு. இரவு எட்டு மணிக்குத் தொடங்கிய நடு நெஞ்சு இறுக்கத்துடனும் வியர்வையுடனும் 9.20க்கு வந்தார். 9.30க்கு எடுத்த ஈசிஜியில், பக்கவாட்டு லீடுகளில் எஸ்டி பகுதி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. 9.40க்கு எடுத்த முதல் ட்ரோபோனின் இயல்பான அளவில் இருந்தது. ஆஸ்பிரின் 325 மில்லிகிராமை மென்று விழுங்கச் செய்து, குளோபிடோக்ரெல்லும் அடோர்வாஸ்டாடினும் கொடுத்த பிறகு, பத்து மணி வாக்கில் வலி குறைந்தது. வலி குறைந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

முதலில் அவர் சொன்ன காரணம், காலையில் கொச்சியில் போட் ஏற வேண்டும் என்பது. நம் மாவட்டத்தின் மேற்குக் கரைக்காரர்கள் கொச்சியைத் தளமாகக் கொண்டு வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ‘போட்டை ஓட்டுறது நான்தான், நான் போகலன்னா பத்துப் பேரு கரையில இருக்கணும்’ என்றார். பெரும்பாலான இரவுகளில் இந்த இடத்தில் நாம் பேனாவை எடுத்துவிடுவோம். அன்று வேறு நோயாளிகள் இல்லாததால் நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். போட் ஒரு நாள் தாமதமாகப் போனால் இங்கே இருப்பீர்களா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘எங்க அண்ணன இதே மாதிரிதான் ஐசியுல போட்டாங்க. ஆஞ்சியோன்னு கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரல’ என்றார்.

அதுவரை நான் அவரிடம் பேசியதெல்லாம் ஆஞ்சியோ பற்றியதே அல்ல. இன்றிரவு மானிட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும், மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தமும் ஈசிஜியும் எடுக்க வேண்டும் என்பதுதான் என் பரிந்துரை. அவர் மறுத்துக்கொண்டிருந்தது நான் சொல்லாத ஒன்றை. அட்மிட் ஆவது வேறு, ஆஞ்சியோவுக்குச் சம்மதிப்பது வேறு, அதற்குத் தனியாகக் கேட்போம், அப்போதும் வேண்டாம் என்று சொல்லலாம் என்று விளக்கியதும், ஐசியுவுக்கு வர மாட்டேன், ஆனால் ஒரு மணி வரை அவசரப் பிரிவுக் கட்டிலில் கிடக்கிறேன் என்றார். பாதி சம்மதம்தான். ஆனால் அந்தப் பாதி, இரண்டாவது ட்ரோபோனினை எடுக்க உதவியது.

அப்போது எழுதிய குறிப்பைத் தமிழில் தருகிறேன். நாம் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். ஆனால் நோயாளியின் வாய்ச்சொல்லை அவர் சொன்னபடியே தமிழில் எழுதுவது என் வழக்கம். மொழிபெயர்த்தால் அது என் வாக்கியமாகிவிடும்.

‘இரவு 10.40. நோயாளியிடம் 10.15 முதல் 10.35 வரை நேரில் பேசினேன். உடனிருந்தவர்கள்: மனைவி, பணியிலிருந்த செவிலியர். மகன் வெளியே நிற்கும்படி நோயாளியே கேட்டுக்கொண்டார். பரிந்துரை: ஐசியுவில் அனுமதி, தொடர் மானிட்டர், 12.40க்கு இரண்டாவது ட்ரோபோனின் மற்றும் ஈசிஜி. தெரிவித்த ஆபத்துகள்: ஈசிஜி மாற்றம் இதயத்துக்கு ரத்தம் குறைவாகப் போவதைக் காட்டுகிறது, முதல் ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதால் மாரடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது, வலி தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்ததால் இன்னும் ஏறாமல் இருக்கலாம், வலி நின்றதால் அடைப்பு நீங்கியது என்று பொருளில்லை, ரத்தக் குழாய் முழுதாக அடைபடலாம், துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி மயங்கி விழலாம், அப்படி நேர்ந்தால் சில நிமிடங்களுக்குள் மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும், அது வீட்டிலோ படகிலோ நடக்காது, கரையிலிருந்து பல மணி நேரத் தொலைவில் இருந்தால் மருத்துவமனைக்கு வந்து சேரும் முன்பே உயிர் போகலாம். நோயாளி கூறிய காரணங்கள்: ஒன்று, “போட்டை ஓட்டுறது நான்தான்”, இரண்டு, அண்ணன் ஐசியுவில் இறந்தது பற்றிய அச்சம், “ஆஞ்சியோன்னு கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரல”. அனுமதியும் ஆஞ்சியோவும் வேறு வேறு என்று விளக்கப்பட்டது. செலவு காரணமா என்று கேட்டதற்கு, இல்லை, காப்பீட்டு அட்டை இருக்கிறது என்றார். புரிந்ததைத் தன் சொல்லில் கூறச் சொன்னபோது, “நெஞ்சு முழுசா அடைச்சிரலாம், கடல்ல வச்சு வந்தா ஒண்ணும் செய்ய முடியாது, அதுதானே சொல்றீங்க” என்றார். நினைவு தெளிவு, நாள், இடம் சரியாகச் சொல்கிறார், மது அருந்திய அறிகுறி இல்லை, மயக்கம் தரும் ஊசி எதுவும் தரப்படவில்லை. முடிவு: ஐசியு அனுமதியை மறுக்கிறார், 1.00 மணி வரை அவசரப் பிரிவில் இருக்கவும், மறு பரிசோதனைக்கும், மாத்திரைகளுக்கும் சம்மதிக்கிறார்.’

எழுத ஏழு நிமிடம் ஆயிற்று. இரவில் ஏழு நிமிடத்துக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். அவசரமாக இருந்தால் வேறு எதையாவது சுருக்குங்கள், ஆபத்து பற்றிய பகுதியையும் காரணத்தையும் மட்டும் சுருக்காதீர்கள்.

ஆபத்தைப் பற்றிய பகுதியில் கவனிக்க வேண்டியது, அது அவருக்கென்று சொல்லப்பட்டது என்பதுதான். ‘உயிருக்கு ஆபத்து’ என்று மட்டும் எழுதினால் எல்லாம் சொன்னதுபோல் தோன்றும், எதுவும் சொன்னதாக ஆகாது. கடலுக்குப் போகிறவருக்குக் கரையிலிருந்து உள்ள தொலைவே ஓர் ஆபத்து. அதே ஈசிஜியோடு நாகர்கோவிலில் மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அந்த வரி தேவைப்படாது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ‘போனால் விடியுமுன் செத்துப்போவாய்’ என்று பயமுறுத்தி இருக்க வைப்பதும், அதை ‘ஆபத்து விளக்கப்பட்டது’ என்று எழுதிக்கொள்வதும் விளக்கம் ஆகாது. நமக்கே உறுதியாகத் தெரியாததை உறுதியாகத் தெரியாது என்றே சொல்லி, அப்படியே எழுத வேண்டும். முதல் ட்ரோபோனின் பற்றிய வரி அதற்காகத்தான் அங்கே இருக்கிறது. அதைச் சொல்லாமல் ‘ரத்தம் நார்மல்’ என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால், அவர் நல்ல செய்தியோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

செலவு பற்றிய கேள்வியை நானாகவே கேட்டேன். பணம் இல்லை என்று மனைவி முன்னிலையில் சொல்லக் கூசி, ‘எனக்குச் சொகமாயிட்டு’ என்று எழுந்து போகிறவர்கள் நம் ஊரில் நிறைய. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ தீர்த்துவைக்கக்கூடிய காரணத்துக்காக ஒருவர் திரும்பிப் போனால், அதைச் சிகிச்சை மறுப்பு என்று பதிவு செய்வதே தவறாகும். கேட்டதையும், மாற்று வழி சொன்னதையும், அதன் பிறகும் அவர் என்ன சொன்னார் என்பதையும் எழுதினால்தான் அது மறுப்பு.

தெளிவோடு முடிவெடுத்தாரா என்பதை ‘கான்ஷியஸ், ஓரியன்டட்’ என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். அது போதாத சமயங்கள் உண்டு. கடும் வலிக்கு ட்ரமடாலோ பென்டசோசினோ போட்ட பிறகு எடுத்த மறுப்பைப் பிற்பாடு ஒரு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அந்த ஊசியின் நேரத்தைத்தான். மறுப்பு 11.10, ஊசி 10.50 என்று உங்கள் கேஸ் ஷீட்டே சொன்னால் தப்ப இடமில்லை. எனவே ஊசி போட்டிருந்தால் அதன் நேரத்தையும், பேசும்போது அவர் எப்படி இருந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தான் புரிந்துகொண்டதை நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்வது இதற்கும் உதவும். எல்லையைத் தாண்டி வரும் மலையாளம் பேசும் நோயாளிகளிடம் எந்த மொழியில் பேசினீர்கள், யார் மொழிபெயர்த்தார் என்பதையும் எழுதுங்கள். நமக்கு மலையாளம் புரியும் என்பது நமக்குத் தெரியும், படிக்கிறவருக்குத் தெரியாது.

இப்போது 12.40க்கு வருவோம். இரண்டாவது ட்ரோபோனின் ஏறியிருந்தது. மாரடைப்பு என்பது அதோடு ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. இந்த இடத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். ஏற்கெனவே மறுத்துவிட்டார், எழுதியும் ஆகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். பத்தரை மணிக்கு அவர் மறுத்தது ‘இருக்கலாம்’ என்ற நிலையில். ஒரு மணிக்கு நிலைமை வேறு. விவரம் மாறினால் பழைய மறுப்பு காலாவதியாகிவிடுகிறது. மறுபடியும் உட்கார்ந்து, மாறியதைச் சொல்லி, மறுபடியும் கேட்டு, தனி நேரமிட்டுத் தனிக் குறிப்பாக எழுத வேண்டும். நான் அப்படிச் செய்தேன். இதயப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்புகிறேன் என்றேன். கொச்சிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார், ஆனால் இரவில் ஐசியு வேண்டாம், விடிந்ததும் பங்குத்தந்தையிடம் பேசிவிட்டு முடிவு சொல்கிறேன் என்று 1.30க்குப் போய்விட்டார். அந்த வாக்கியத்தையும் அப்படியே எழுதினேன். பங்குத்தந்தையை நானே அழைத்துப் பேசலாமா என்று அவரிடம் கேட்டேன், வேண்டாம் என்றார், ஆகவே அழைக்கவில்லை. உதவி செய்யும் எண்ணத்தில்கூட நோயாளியின் அனுமதியின்றி அவர் நோயை ஊர்ப் பெரியவரிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. மூன்றாம் நாள் மனைவியோடு அவரே வந்து, மேல்சிகிச்சைக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போனார்.

இதிலிருந்தே உங்கள் ‘சொந்த விஷயம்’ என்ற ஐயத்துக்கு வருகிறேன். அது நியாயமான ஐயம், இளைய மருத்துவர்கள் பலரும் கேட்பதில்லை. காரணத்தைக் கேட்பது நம் கடமை; சொல்வது அவர் விருப்பம். சொல்லாவிட்டால் ‘காரணம் கேட்கப்பட்டது, கூற விரும்பவில்லை’ என்று எழுதினால் போதும். சொல்லிவிட்டு, ‘இதை எழுதாதீங்க’ என்றால், மகனுடைய கடனோ வீட்டுச் சண்டையோ போன்ற விவரத்தை விட்டு, ‘குடும்பக் காரணம்’ என்ற அளவில் எழுதி, விவரம் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டதையும் குறிக்கலாம். மருத்துவ முடிவோடு நேரடியாகத் தொடர்புள்ள காரணத்தை மட்டும் விட்டுவிட முடியாது. அண்ணனுடைய மரணம் அத்தகையது, ஏனெனில் அதற்கு நான் பதில் சொன்னேனா என்பதுதான் கேள்வி. வேறொன்று: காரணத்தின் இடத்தில் உங்கள் கருத்தை எழுதாதீர்கள். ‘முரண்டு பிடிக்கிறார்’, ‘படிப்பறிவில்லாதவர்’, ‘வர்ம வைத்தியரை நம்புகிறார்’ என்றெல்லாம் நான் கேஸ் ஷீட்டில் படித்திருக்கிறேன். கடைசியாகச் சொன்னதை நோயாளியே சொல்லியிருந்தால், ‘வர்ம வைத்தியரிடம் காட்டப் போவதாகக் கூறுகிறார்’ என்று மேற்கோளாகவே இருக்கட்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமிரா கோலி வழக்கில் 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், ஒரு சம்மதம் செல்லத்தக்கதாக இருக்க நோயாளிக்குத் தர வேண்டிய தகவல்களைச் சொல்லும்போது, சிகிச்சையின் தன்மை, நோக்கம், மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க ஆபத்துகள் ஆகியவற்றோடு, சிகிச்சையை மறுத்தால் ஏற்படும் பாதகமான விளைவுகளையும் சேர்த்தது. வெகு அபூர்வமான, கோட்பாட்டளவிலான ஆபத்துகளைச் சொல்லிக் குழப்ப வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. மறுப்பதன் விளைவைச் சொல்லும் கடமை வெளிநாட்டில் முன்பே பேசப்பட்டது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1980இல் விசாரித்த ட்ரூமன் எதிர் தாமஸ் வழக்கில், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையைச் செய்துகொள்ளும்படி மருத்துவர் சொன்னார், அந்தப் பெண் செய்துகொள்ளவில்லை, பின்னர் அதே புற்றுநோயால் இறந்தார். செய்யச் சொன்னது மட்டும் போதுமா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டுமா என்பதே அங்கு கேள்வியானது. மறுப்பவருக்கும் விளைவைச் சொல்ல வேண்டும் என்பதே நீதிமன்றத்தின் நிலைப்பாடு. நம் மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், உள்நோயாளிப் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்கவும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் சொல்கின்றன. நீங்கள் எழுதுவதை நோயாளியும் படிப்பார் என்பதை நினைவில் வைத்தே எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் நிர்வாகம் நம்பியிருக்கும் அச்சடித்த படிவத்தில், ‘இதனால் ஏற்படும் எந்த விளைவுக்கும் மருத்துவமனையோ மருத்துவரோ பொறுப்பல்ல’ என்று ஒரு வரி இருக்கும். நம் மாவட்டத்தில் நான் பார்த்த படிவங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அந்த வரி மருத்துவரின் கவனக்குறைவை மன்னித்துவிடாது. ஆபத்தைச் சொல்லாமலே வாங்கிய கையெழுத்தை நுகர்வோர் ஆணையத்தில் நீட்டினால், ஆபத்தை எப்போது, எப்படிச் சொன்னீர்கள் என்ற கேள்விதான் திரும்பி வரும். படிவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது குறிப்புக்குத் துணையாக இருக்கலாம், குறிப்பின் இடத்தில் இருக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய குறை, நீங்கள் மகனிடம் கையெழுத்து வாங்கியது. நோயாளிக்கு 52 வயது, நினைவு தெளிவாக இருக்கிறது. அவர் சிகிச்சையை மறுக்க உரியவர் அவர் ஒருவரே. மகன் சாட்சியாகக் கையெழுத்திடலாம், தந்தைக்குப் பதிலாக மறுக்க முடியாது. நம் ஊரில் நோயாளி கட்டிலில் பேசாமல் இருக்க, மச்சானும் மகனும் வாசலில் நின்று முடிவு செய்து, ‘நாங்க கொண்டு போறோம் டாக்டரே’ என்று சொல்வது சாதாரணம். அத்தகைய சமயங்களில் உறவினரைச் சற்றே வெளியில் இருக்கச் சொல்லி, நோயாளியிடம் நேராகக் கேட்டு, அவர் சொன்னதை அவர் வாய்ச்சொல்லில் எழுதுங்கள். அவர் இருக்க விரும்பி, உறவினர்தான் அழைத்துப் போகிறார்கள் என்றால், அது நோயாளியின் மறுப்பு அல்ல. அதை மறுப்பு என்று எழுதினால் உங்கள் பதிவே உங்களுக்கு எதிராகும். சாட்சியாக உங்கள் செவிலியர் ஒருவரும், நோயாளி பக்கத்தில் ஒருவரும் இருப்பது நல்லது. எழுதத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்டி, கைரேகை வாங்கி, படித்துக் காட்டியவர் யார் என்று எழுதுங்கள். கையெழுத்திட மாட்டேன் என்று போய்விட்டால் அதையும் நேரமிட்டு எழுதி, பார்த்த செவிலியர் கையெழுத்திட்டால் போதும். கையெழுத்துக்காக நோயாளியைக் கதவில் மறித்து நிற்க வைப்பதும், கையெழுத்திட்டால்தான் மருந்துச் சீட்டு தருவேன் என்பதும் சில இடங்களில் நடக்கின்றன, இரண்டும் கூடாது.

அட்மிஷனை மறுத்தவர் சிகிச்சை முழுவதையும் மறுத்தவர் ஆகிவிடமாட்டார். என் நோயாளி மாத்திரைகளை ஏற்றுக்கொண்டார். அவற்றை எழுதிக் கொடுத்தேன், ஈசிஜியின் நகலைக் கையில் கொடுத்தேன், எந்த அறிகுறி வந்தால் 108ஐ அழைக்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். கொடுத்ததையும் சொன்னதையும் குறிப்பின் கடைசியில் எழுதினேன். உங்கள் குறிப்பில் இதில் ஒன்றும் இல்லை. கொடுத்தீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. படிக்கிற எவருக்கும் தெரியாது.

இனி அந்தப் பழைய கேஸ் ஷீட். அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள், அடிக்காதீர்கள், வரிகளுக்கு இடையே புகுத்தாதீர்கள். அன்றைய தேதியிட்டு இன்று புதிதாக எழுதிச் சேர்ப்பது, இருக்கும் குறையைவிடப் பல மடங்கு பெரிய குற்றமாகிவிடும். வேறு மை, இடம் போதாமல் நெருக்கிய எழுத்து ஆகியவை எந்தத் தணிக்கையிலும் கண்ணில் படும். அன்று பேசியது உங்களுக்கு உண்மையிலேயே நினைவிருந்தால், தனித் தாளில், இன்றைய தேதியும் நேரமும் இட்டு, ‘நினைவிலிருந்து பின்னர் எழுதப்பட்ட குறிப்பு’ என்ற தலைப்போடு, நினைவுள்ளதை மட்டும் எழுதிக் கையெழுத்திடுங்கள். எந்த ஆபத்தைச் சொன்னோம் என்பது நினைவில்லை என்றால், சொன்னதாக எழுதாதீர்கள்.

அதைவிட முக்கியமாக, பதிவேட்டில் அவருடைய செல்பேசி எண் இருக்கும். நாளைக்கே அழைத்து, இப்போது எப்படி இருக்கிறது, வேறு எங்காவது காட்டினீர்களா என்று கேளுங்கள். மகன் எடுத்தால் நோயாளியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஈசிஜியில் இருந்த மாற்றத்தையும், அதை விட்டுவிட்டால் என்ன ஆகலாம் என்பதையும் இந்த முறை அவரிடமே சொல்லி, அன்று ஏன் வேண்டாம் என்றீர்கள் என்றும் கேளுங்கள். அழைத்த நேரம், யாரிடம் பேசினீர்கள், அவர் சொன்ன பதில், எப்போது வரச் சொன்னீர்கள் என்பவற்றை எழுதி அதே கேஸ் ஷீட்டோடு சேர்த்து வையுங்கள். எடுக்கவில்லை என்றால், எத்தனை முறை அழைத்தீர்கள், எந்த நேரத்தில் அழைத்தீர்கள் என்று எழுதிவிட்டு, மறுநாளும் ஒருமுறை அழையுங்கள்.